கடலைப் படம் போட்ட நான்கு பாட்டில்கள்

போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அக்கா கடையில் நின்றுகொண்டே போன் செய்தாள். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் வேண்டும். அலமாரியில் நான்கு பாட்டில் இருக்கிறது, நான்கிலும் நிலக்கடலைப் படம், விலை மட்டும் 165, 185, 205, 220 என்று நான்கு விதம். "எதை எடுக்கட்டும் தம்பி, 185-ல மரச்செக்குன்னே போட்டிருக்கான்" என்றாள்.

நான் சில வருடம் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதியவன். பருப்பு வந்து இறங்குவது முதல் டின் ஏறிப் போவது வரை பார்த்திருக்கிறேன். அதனால் வீட்டில் எண்ணெய்ச் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வரும். "முன்பக்கம் பார்க்காதே, நாலையும் திருப்பிப் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். அந்த நான்கு படங்களை வைத்தே இதை எழுதுகிறேன். பிராண்டு பெயர்கள் இங்கே தேவைப்படாது. உங்கள் கடை அலமாரியிலும் கிட்டத்தட்ட இதே நான்கு வகைதான் இருக்கும்.

முதலில் 165 ரூபாய் பாட்டில். முன்னால் பெரிய கடலைக் கொத்து, தங்க நிறம், "பாரம்பரிய மணம்" என்ற வாசகம். பின்னால் சின்ன எழுத்தில் "மல்டி சோர்ஸ் எடிபிள் வெஜிடபிள் ஆயில்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ரீஃபைண்ட் பாமோலின் 80 சதவீதம், கடலை எண்ணெய் 20 சதவீதம். இதுதான் கலப்பு எண்ணெய். முன்பு "பிளெண்டட்" என்று போடுவார்கள், இப்போது "மல்டி சோர்ஸ்" என்று போடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

கலப்பது சட்டப்படி குற்றம் இல்லை. இரண்டு சமையல் எண்ணெய்களைக் கலக்கலாம். இரண்டில் எதுவும் எடையில் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எத்தனை சதவீதம் என்று லேபிளில் சொல்ல வேண்டும், அக்மார்க் முத்திரை வேண்டும், உடைத்துச் சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது. அந்த 20 என்ற எண்ணைக் கவனியுங்கள். கடலைப் படம் போட்ட நிறையக் கலப்பு பாட்டில்களில் கடலை எண்ணெய் சரியாக 20 சதவீதமே இருப்பது தற்செயல் இல்லை. சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு அது.

பாமோலின் கெட்ட எண்ணெய் என்று நான் சொல்லவில்லை. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுப்பதும் பாமோலின்தான். பொரிப்பதற்கு அது நன்றாகவே தாங்கும். அப்புறம் அதைப் பற்றிச் சொல்கிறேன். என் வருத்தம் வேறு. ரேஷன் பாமாயிலை வேண்டாம் என்று ஒதுக்கும் வீடுகள் அதே எண்ணெயைக் கடலை என்று நம்பி, ஆறு மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்குகின்றன. பாமோலின்தான் வேண்டுமென்றால் பாமோலின் விலைக்கே வாங்கலாம்.

சரி, சதவீத வரி கண்ணில் படவில்லை, ஸ்டிக்கர் மறைத்திருக்கிறது, எழுத்து அழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வழி உண்டு. எண்ணெய் வாங்குகிற எல்லாரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பின்பக்கம் ஊட்டச்சத்துப் பட்டியல் இருக்கும். அதில் நிறைவுற்ற கொழுப்பு என்ற ஒரு வரியை மட்டும் பாருங்கள். லேபிளில் "சாச்சுரேட்டட் ஃபேட்" என்று இருக்கும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் இந்த எண் ஏறக்குறைய மாறாதது. 100 கிராமுக்கு சூரியகாந்தியில் 11 அளவில், நல்லெண்ணெயில் 15 அளவில், கடலை எண்ணெயில் 18 முதல் 20 வரை, தவிட்டெண்ணெயில் 22 முதல் 24, பாமோலினில் 42 முதல் 46, தேங்காய் எண்ணெயில் 90.

இப்போது கணக்குப் போடலாம். பாமோலின் 44, கடலை 20 என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதப் பாமோலினிலிருந்து 35.2 வரும். 20 சதவீதக் கடலையிலிருந்து 4 வரும். மொத்தம் 39. அக்கா அனுப்பிய முதல் படத்தில் அந்த வரியில் 39.5 என்று இருந்தது. கடலைப் படம் போட்ட பாட்டிலில் இந்த எண் 30-ஐத் தாண்டினால் உள்ளே இருப்பதில் கணிசமான பங்கு பாமோலின் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: சில பாட்டில்களில் 100 கிராமுக்குப் பதில் 100 மில்லிக்கு எழுதியிருப்பார்கள். 100 மில்லி எண்ணெய் 91 கிராம்தான். ஆகவே எண்கள் பத்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. கடலையில் தவிட்டெண்ணெய் சேர்த்தால் இரண்டின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கண்டுபிடிக்க முடியாது. ஆள் திட்டமிட்டு ஏமாற்றினால், புத்தகத்தில் இருக்கும் எண்ணை அப்படியே அச்சடித்துவிட்டு உள்ளே வேறு எதையும் ஊற்றலாம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம்தான் வேண்டும். லேபிள் உண்மையைச் சொல்லி, நாம் அதைப் படிக்காமல் விடுகிற இடங்களுக்குத்தான் இந்தக் கணக்கு உதவும். என் அனுபவத்தில் அப்படிப்பட்ட இடங்களே அதிகம்.

பக்கத்தில் இன்னொரு விஷயம். நல்லெண்ணெய் அலமாரியை ஒட்டியே அதே நிறத்தில், அதே வடிவப் பாட்டிலில் தீப எண்ணெய் வைத்திருப்பார்கள். "விளக்கேற்ற மட்டும்" என்று எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அதில் பச்சைப் புள்ளி இருக்காது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்காது. அவசரத்தில் எடுத்து வந்து தோசைக்கு ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். அந்த எண் இல்லாத பாட்டிலைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

இனி 205 ரூபாய் பாட்டிலுக்கு வருவோம். அதில் "ரீஃபைண்ட் கடலை எண்ணெய்" என்று இருந்தது, நிறைவுற்ற கொழுப்பு 19. முழுக்கக் கடலைதான். ரீஃபைண்ட் என்றால் என்ன நடந்திருக்கும்? பிழிந்த எண்ணெயிலும், பிண்ணாக்கிலிருந்து ஹெக்சேன் என்ற கரைப்பான் வைத்து எடுத்த எண்ணெயிலும் பசை, அமிலம், நிறம், வாசம் எல்லாம் இருக்கும். பசையை முதலில் எடுப்பார்கள். காஸ்டிக் சோடா சேர்த்து அமிலத்தைச் சோப்பாக்கிப் பிரிப்பார்கள். ஒருவகை மண்ணோடு சேர்த்துச் சூடாக்கி நிறத்தை உறிஞ்ச விடுவார்கள். கடைசியில் காற்றை உறிஞ்சிவிட்ட கலனில் 200 டிகிரிக்கு மேல் வைத்து, நீராவி விட்டு வாசத்தை வெளியேற்றுவார்கள். கரைப்பான் வைத்து எடுத்த எண்ணெயை ரீஃபைண்ட் செய்யாமல் நேராக விற்க முடியாது. மிஞ்சும் ஹெக்சேனுக்கு 5 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஐந்து பங்கு என்று வரம்பு இருக்கிறது.

இதனால் போவதும் உண்டு, வருவதும் உண்டு. கடலையின் மணம் போய்விடும், வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதி போய்விடும். ஆனால் பூஞ்சை பிடித்த கடலையிலிருந்து வரக்கூடிய அஃப்லடாக்சின் என்ற நஞ்சும் அந்தக் காஸ்டிக் சோடாக் கழுவலிலும் மண் கட்டத்திலும் பெரும்பாலும் போய்விடும். செக்கு எண்ணெயில் அப்படி ஒரு வடிகட்டல் இல்லை. பருப்பு நன்றாக இருந்தால்தான் எண்ணெய் நன்றாக இருக்கும். ஆலையில் இருந்தபோது உடைசலும் சொத்தையும் தனியாகக் குவித்து, மலிவு விலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதை வாங்கிச் செக்கில் போட்டாலும் வருவது செக்கு எண்ணெய்தான், லேபிளில் எதுவும் பொய் இருக்காது. அதனால்தான் செக்கு என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவது எனக்குப் பயமாக இருக்கிறது.

220 ரூபாய் பாட்டிலில் "ஃபில்டர்டு கடலை எண்ணெய்" என்று இருந்தது. இந்தச் சொல் பலரைக் குழப்புகிறது. இது ரீஃபைண்டும் இல்லை, செக்கும் இல்லை. எக்ஸ்பெல்லர் என்ற இரும்புத் திருகு எந்திரத்தில் பிழிந்து, துணி வடிகட்டியில் வடித்த எண்ணெய். எந்திரத்தில் உரசலே நல்ல சூட்டைக் கிளப்பும். பருப்பை முன்கூட்டி ஆவியில் சூடாக்குவதும் உண்டு. அதனால் வறுத்த கடலை மணம் தூக்கலாக இருக்கும். பழைய காலத்துக் கடலை எண்ணெய் மணம் என்று நம்மில் பலர் நினைவில் வைத்திருப்பது உண்மையில் இந்த எக்ஸ்பெல்லர் மணம்தான். "டபுள் ஃபில்டர்டு" என்றால் இரண்டு தடவை வடித்தது, அவ்வளவுதான். ஆனால் "டபுள் ரீஃபைண்ட்", "சூப்பர் ரீஃபைண்ட்", "அல்ட்ரா ரீஃபைண்ட்" போன்ற சொற்களையும் "ஆன்டி கொலஸ்ட்ரால்" போன்ற சொற்களையும் எண்ணெய் லேபிளில் போடவே கூடாது என்று விதி இருக்கிறது. போட்டிருந்தால் அந்த ஆளின் மற்ற வரிகளையும் நான் நம்ப மாட்டேன். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்ற வாசகம் பொய் இல்லை. ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருக்காது. அதை வைத்து ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, அக்காவின் மனது போன அந்த 185 ரூபாய் மரச்செக்கு. உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு "கோல்ட் பிரஸ்டு" என்பதற்குச் சொல்லும் விளக்கம் இது: எந்திரமுறையில் மட்டும் எடுத்திருக்க வேண்டும், சூடு கொடுத்திருக்கக் கூடாது, தண்ணீரில் கழுவலாம், தெளிய வைக்கலாம், வடிகட்டலாம், சுழற்றிப் பிரிக்கலாம், வேறு எதுவும் கூடாது. நம் ஊர் வாகைமரச் செக்கு இந்த விளக்கத்துக்குள் இயல்பாக வரும். மெதுவாகச் சுற்றும், எண்ணெய் கைபொறுக்கும் சூட்டில் வரும், இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளிய விடுவார்கள். ஆனால் பாட்டிலைப் பார்த்து இது செக்கில் ஆட்டியதா எக்ஸ்பெல்லரில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கொழுப்பு எண்களும் உதவாது, இரண்டும் கடலைதானே.

விலைதான் உதவும். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். அந்த வாரம் எங்கள் பக்கம் பருப்பு கிலோ 110 ரூபாய். இரண்டரைக் கிலோ 275. மிஞ்சுவது ஒன்றரைக் கிலோ பிண்ணாக்கு, கிலோ 40 என்று விற்றால் 60 திரும்பி வரும். ஆக, கையில் நிற்கும் பருப்புச் செலவு மட்டும் 215. ஆட்டுக்கூலி, பாட்டில், லேபிள், வண்டி, கடைக்காரர் பங்கு எதுவும் இன்னும் சேரவில்லை. மொத்தமாக வாங்கிப் பருப்பு 100 ரூபாய்க்கே கிடைத்தாலும் 190 ஆகிவிடுகிறது. அதை 185-க்கு ஒருவர் எப்படிக் கொடுப்பார்? ஒன்று, அது செக்கு எண்ணெய் இல்லை. அல்லது உடைசல் பருப்பு. அல்லது முழுக்கக் கடலை இல்லை. மூன்றில் எது என்று எனக்குத் தேவையில்லை. அன்று எங்கள் தெரு முனைச் செக்கில், கண்முன் ஆட்டியது 280. அந்த விலைக்குக் கணக்கு ஒத்துப்போகிறது.

இந்தக் கணக்கை உங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். நல்லெண்ணெய்க்கும் ஏறக்குறைய இதே அளவு எள்ளும், கூடக் கருப்பட்டியும் போகும். தேங்காய்க்குக் கொப்பரை 1.6 முதல் 1.7 கிலோ போதும். விலை கணக்குக்கு மேலே இருப்பதால் மட்டும் நல்ல எண்ணெய் என்று ஆகிவிடாது. ஆனால் கணக்குக்குக் கீழே இருந்தால் நிச்சயம் ஏதோ குறைகிறது.

விலை என்றதும் எடையையும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் இருக்க வேண்டும். இப்போது 870, 850, 800 கிராம் பாக்கெட்டுகள் அதே உயரத்தில், அதே அகலத்தில் வருகின்றன. 910 கிராம் 160 ரூபாய், 850 கிராம் 152 ரூபாய் என்றால் இரண்டாவது மலிவாகத் தெரியும். கிலோவுக்குப் பார்த்தால் முதலாவது 176, இரண்டாவது 179. எம்.ஆர்.பி. பக்கத்தில் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று யூனிட் விலை அச்சாகியிருக்கும், அதை ஒப்பிட்டால் கணக்குக்கூட வேண்டாம்.

பொரிக்க எது?

நான்கையும் பார்த்து முடித்ததும் அக்கா கேட்ட கேள்வி இதுதான்: "செக்கெண்ணெய் சீக்கிரம் புகையும்கிறாங்களே, முறுக்குக்கு ஆகுமா?" எண்ணெய் சூடேறும்போது, அதன் மேல் நீலப்புகை இடைவிடாமல் எழத் தொடங்கும் சூட்டைப் புகைநிலை என்பார்கள். நம் ஊரில் இதை லேபிளில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிலர் விளம்பரமாகப் போடுவார்கள். பொதுவாகச் சொல்லப்படும் எண்கள்: ரீஃபைண்ட் கடலை, சூரியகாந்தி, பாமோலின், தவிட்டெண்ணெய் எல்லாம் 230 டிகிரிக்கு அருகில். சுத்திகரிக்காத நல்லெண்ணெய் 175 அளவில், சுத்திகரிக்காத கடலை எண்ணெய் 160 அளவில்.

வடை, முறுக்கு வேக 170 முதல் 180 டிகிரி வேண்டும். அப்படியானால் செக்குக் கடலை எண்ணெயில் முறுக்கே சுட முடியாது என்று ஆகிவிடும். ஆனால் நம் பாட்டிகள் அதில்தானே சுட்டார்கள்! அந்த 160 கல்லில் எழுதிய எண் இல்லை. புகைநிலையைக் கீழே இழுப்பது முக்கியமாக எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம். பருப்பு ஈரமாக, பழையதாக, அடிபட்டதாக இருந்தால் அது அதிகம். எண்ணெயில் மிதக்கும் பருப்புத் தூளும் சீக்கிரம் கருகும். நல்ல காய்ந்த பருப்பில் ஆட்டி, முழுக்கத் தெளிந்த புது எண்ணெய் 160-ஐத் தாண்டியும் புகையாமல் நிற்கும். ரீஃபைண்ட் எண்ணெய் உயரே நிற்பதற்கும் காரணம் இதுதான், அந்த அமிலத்தைத்தான் காஸ்டிக் சோடா எடுத்துவிட்டதே.

அதற்காகச் செக்கெண்ணெயை வாணலி நிறைய ஊற்றச் சொல்ல மாட்டேன். புகையைவிடப் பெரிய தொல்லை நுரை. அதில் இருக்கும் இயற்கையான பசையும் கொஞ்ச ஈரமும் சேர்ந்து நுரைத்துக்கொண்டு வரும், சில ஈட்டுக்குள் எண்ணெய் கறுக்கும். லிட்டர் 280 கொடுத்து வாங்கியது அந்த வேலைக்கு வீண். அதன் மணம் தெரிகிற இடத்தில் ஊற்றுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை: பொரியலுக்குத் தாளிக்க, துவையலுக்கு, தோசையைச் சுற்றி.

புகைநிலை உயரமாக இருந்தால் பொரிக்க நல்லது என்று நினைப்பதிலும் ஒரு தவறு இருக்கிறது. புகைநிலை என்பது புது எண்ணெயில், ஒரே ஒரு தடவை அளந்த எண். ஒரு மணி நேரம் 180 டிகிரியில் நின்றால் எண்ணெய் எப்படி மாறும் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது பட்டியலில் உள்ள இன்னொரு வரி, "பாலி அன்சாச்சுரேட்டட்". இந்த வகைக் கொழுப்பு சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் உடையும். ரீஃபைண்ட் சூரியகாந்தியில் இது 60-க்கு மேல், கடலையில் 30 சொச்சம், பாமோலினில் 11 அளவில். சூரியகாந்தியும் பாமோலினும் புகைவது ஏறக்குறைய ஒரே சூட்டில், ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சூரியகாந்திதான் முதலில் கெடும். ஓட்டல்காரர்கள் பாமோலினை விரும்புவதற்கு மலிவு மட்டும் காரணம் இல்லை, இதுவும் உண்டு. அதனால் தினசரித் தாளிப்புக்கும் குழம்புக்கும் சூரியகாந்தி வைத்துக்கொள்ளலாம், ஒரு நாள் முழுக்கப் பலகாரம் சுடுவதற்கு வேண்டாம். சிலவற்றில் "ஆன்டிஆக்சிடன்ட் ஐ.என்.எஸ். 319" என்று இருக்கும், எண்ணெய் காறாமல் இருக்கச் சேர்ப்பது. இருக்கிறதா என்று தெரிந்து வாங்கினால் போதும்.

ஆக அக்காவுக்கு நான் சொன்னது: 165-ம் 185-ம் வேண்டாம். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் 205 ரீஃபைண்ட் கடலையில் ஒன்று, 220 ஃபில்டர்டில் ஒன்று எடு. முறுக்குக்கு ரீஃபைண்ட், அது மணிக்கணக்கில் காயும். அதிரசம் கொஞ்ச நேரம், மிதமான தீ, அங்கே ஃபில்டர்டின் மணம் ஏறும். வரும் வழியில் செக்கில் அரை லிட்டர் வாங்கிக்கொள், அது சட்னிக்கு. காசு குறைவாக இருந்திருந்தால், வெறும் பாமோலின் பாக்கெட்டையே முறுக்குக்கு எடுக்கச் சொல்லியிருப்பேன், கடலைப் படம் போட்ட கலப்பைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மீந்த எண்ணெயைப் பற்றி மறுநாள் கேட்டாள். ஓட்டல்களுக்கு, காய்ந்த எண்ணெயில் கெட்டுப்போன பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அதை அளக்கக் கருவி வேண்டும். வீட்டில் கண்ணும் கையும் போதும். எண்ணெய் பாகு மாதிரி கெட்டியாகி இருக்கிறதா, வாணலி விளிம்பில் பிசின் போல ஒட்டுகிறதா, போட்ட பண்டம் எடுத்த பிறகும் நுரை அடங்காமல் நிற்கிறதா, நேற்றைவிடச் சின்னச் சூட்டிலேயே புகைகிறதா? ஒன்று இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். அவளுடையது தெளிவாக, கொஞ்சம் சிவந்து மட்டும் இருந்தது. துணியில் வடித்து, மூடி வைத்து, புது எண்ணெயோடு கலக்காமல், அந்த வாரமே அப்பளத்துக்கும் தாளிப்புக்கும் தீர்த்துவிட்டாள்.